வாரம் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் நிமிர்ந்த முதுகு

போன வருஷம் அம்மா கும்பகோணத்தில் கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வயது 71. சென்னையில் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று என்று எழுதித் தந்தார்கள். அம்மாவைக் கையோடு இங்கே போர்ட் பிளேருக்கு அழைத்து வந்துவிட்டேன். (2024-இல் ஊர் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது, வாய் இன்னும் பழகவில்லை!)

மருந்துக்கடைக்காரர் கவரில் எழுதியது இரண்டே வார்த்தை: 'சாப்பாட்டுக்கு முன்'. இந்தப் பதிவே அந்த இரண்டு வார்த்தையைப் பற்றித்தான்.

இங்கே மே மாதத்தில் 5 மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். அம்மா எழுந்து காப்பி போட்டு, அதிலேயே ஒரு வாய் எடுத்து மாத்திரையை விழுங்கிவிட்டு, மறுபடி ஒரு குட்டித் தூக்கம் போடுவார். சாப்பாட்டுக்கு முன்தானே, தப்பே இல்லை! நாலாவது வாரம் நெஞ்செரிச்சல், இட்லி கூட முழுங்கும்போது வலி. நாங்கள் கேஸ் என்று நினைத்தோம். இங்குள்ள டாக்டர் முதலில் கேட்டது, "மாத்திரையை எப்படிப் போடறீங்கம்மா?"

நடந்தது இதுதான். இந்த மருந்து கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். எலும்பில் அது வேலை செய்வதே அப்படித்தான். பால் விட்ட காப்பியில் போட்டால் வயிற்றிலேயே ஒட்டி வீணாகிவிடும். வெறும் வயிற்றில் போட்டாலே உடம்பில் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கறுப்புக் காப்பியோ ஆரஞ்சு ஜூஸோ கூட அதில் சுமார் 60 சதவீதத்தைக் குறைத்துவிடும். ஆக அம்மாவுக்குப் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் ஒரு வாய் காப்பியில் சரியாக இறங்காமல், படுத்ததும் உணவுக்குழாயில் தங்கிய மாத்திரை அந்த இடத்தைப் புண்ணாக்கிவிட்டது. வரவு இல்லை, செலவு மட்டும்.

இது புதிய விஷயமும் இல்லை. 1996-லேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மேயோ கிளினிக் டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். அப்போது உலகம் முழுக்க சுமார் 4,75,000 பேர் இந்த மருந்தை எடுத்திருந்தார்கள். 199 பேருக்கு உணவுக்குழாய்த் தொந்தரவு வந்ததாகத் தகவல், அதில் 51 பேருக்குக் கடுமையானது. குறைந்த தண்ணீரில் போட்டதும், போட்டவுடன் படுத்ததும் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன.

சரியான முறை இவ்வளவுதான். எழுந்ததும் வேறு எதுவும் வாயில் படுமுன், ஒரு முழு டம்ளர் (சுமார் 200 மில்லி) சாதா தண்ணீரில் விழுங்க வேண்டும். மினரல் வாட்டர் வேண்டாம். மெல்லக் கூடாது, சப்பக் கூடாது. அதன்பின் குறைந்தது அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம், ஆனால் படுக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் காப்பி. கால்சியம் மாத்திரையை மதியமோ ராத்திரியோ வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் மறந்தால் மறுநாள் காலை போடலாம், ஒரே நாளில் இரண்டு கூடாது. அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும், உணவுக்குழாய் சுருங்கியவர்களுக்கும், சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கும் இது ஆகாது.

இதற்கு நடுவில் ஒரு சொந்தக்காரர் போனில், "அந்த மாத்திரை தாடை எலும்பை அழுகடிச்சிடுமாம், நிறுத்துங்கோ" என்றார். விஷயம் பொய்யில்லை. பல் பிடுங்கிய இடம் ஆறாமல், எலும்பு வெளியே தெரிந்து 8 வாரத்துக்கு மேல் அப்படியே இருப்பது. 2003-இல் முதலில் பேசப்பட்டவர்கள் பெரும்பாலும் புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை ஊசியாக, பெரிய அளவில் பெற்றவர்கள். எலும்புத் தேய்வுக்கு மாத்திரை எடுப்பவர்களில், ஒரு லட்சம் பேர் ஒரு வருஷம் எடுத்தால் ஒருவர் முதல் பத்துப் பேருக்கு வரலாம் என்பது பொதுவான மதிப்பீடு. ஒரு முறை எலும்பு முறிந்தவருக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். கடன் கொடுக்கும் மேஜையில் இருபது வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அபூர்வமான ரிஸ்க்கைப் பார்த்து மிரண்டு, தினசரி ரிஸ்க்கை விட்டுவிடுகிறோம்.

தாடைக்குச் செய்ய வேண்டியது எளிது. பிடுங்க வேண்டிய பல்லை மருந்து தொடங்குமுன் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பல் டாக்டரிடம் போனால் மாத்திரை பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஐந்து வருஷம் ஆனதும் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். மருந்து எலும்பிலேயே பல வருஷம் தங்குவதால் சிலர் நிறுத்தி வைக்கலாம்.

அம்மாவுக்கு ஒரு மாதம் நிறுத்தி, புண் ஆறியபின் டாக்டர் சொல்லித்தான் மறுபடி தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் டம்ளரோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, "காப்பிக்கு இன்னும் எத்தனை நிமிஷம்டா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

என் கட்சி இதுதான். 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதும் கை, 'முழு டம்ளர் தண்ணீர், அரை மணி படுக்காதே' என்றும் எழுதட்டும். கூட ஒரு வரிதான். உங்கள் வீட்டுப் பெரியவர் இதை எப்படிப் போடுகிறார் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.