ஓரம் எங்கே போச்சு?

பிஸ்கெட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நிகர எடை இத்தனை கிராம் என்று அச்சடித்திருக்கும். பிஸ்கெட் கம்பெனிக்காரர் நல்லவர் என்பதால் அல்ல. பாக்கெட் பொருள்களுக்கான 2011-ம் வருட எடையளவு விதிகள் அவரை அப்படி அச்சடிக்க வைக்கின்றன. பாக்கெட் பெருசா இருக்கலாம், உள்ளே பாதி காற்றாக இருக்கலாம், ஆனால் எடையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேமரா பெட்டிக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. '4கே வீடியோ' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். கூட வருகிற லென்ஸ் 18-45 மி.மீ. என்றும் போடுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால், இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையா என்று கேட்டுப் பாருங்கள், விற்பவர் சார்ஜர் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்!

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். நான் பி.காம். படித்தவன். எனக்கு ஒளியியல் தெரியாது, வகுத்தல் தெரியும்.

கேனான் ஈ.ஓ.எஸ். ஆர்100. 2023 மே மாதம் அறிவிக்கப்பட்ட, அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. இதன் சென்சார் 22.3 மி.மீ. அகலம். அந்த அகலத்தில் 6,000 புள்ளிகள். போட்டோ எடுக்கும்போது அத்தனை புள்ளிகளும் வேலை செய்கின்றன. ஃபுல் ஹெச்.டி. வீடியோவிலும் முழு அகலம் கிடைக்கிறது. ஆனால், 4கே படத்துக்கு அகலவாக்கில் 3,840 புள்ளி போதும். கேமரா என்ன செய்கிறது? நடுவில் இருக்கிற 3,840 புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு பக்க ஓரத்தையும் தூக்கிப் போட்டுவிடுகிறது. 6,000-ஐ 3,840-ஆல் வகுத்தால் 1.56. இதுதான் 'கிராப்'. தோசையின் நடுப்பகுதியை மட்டும் இலையில் வைத்துவிட்டு முழு தோசைக்குக் காசு வாங்குகிற மாதிரி.

அதனால் என்ன குறைந்துவிட்டது? பத்தடி தள்ளி நின்று 18 மி.மீ.யில், அதாவது அந்த லென்ஸின் ஆக அகலமான கோணத்தில், ஃபுல் ஹெச்.டி. எடுங்கள். எதிரே சுமார் பன்னிரண்டரை அடி அகலமும் ஏழடி உயரமும் படத்தில் விழும். நிற்கிற மனிதர் தலை முதல் கால் வரை தெரிவார், பக்கத்தில் நாலு பேர் நிற்கவும் இடம் இருக்கும். இப்போது அதே இடத்தில் நின்று 4கே-வுக்கு மாற்றுங்கள். அகலம் எட்டடிக்கும் கீழே போய்விடும். உயரம் நாலரை அடி. மனிதருக்குத் தலை வேண்டுமா, கால் வேண்டுமா என்று நீங்கள் தேர்வு செய்ய வேண்டும். பழைய காட்சியே வேண்டும் என்றால் இன்னும் ஐந்தரை அடி பின்னால் போக வேண்டும். பன்னிரண்டடி அறையில் எங்கே போவது? சுவரை இடிக்கலாம்.

பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால், போட்டோவில் 29 மி.மீ. லென்ஸாக இருந்தது 4கே வீடியோவில் 45 மி.மீ. ஆகிவிடுகிறது. வைட் லென்ஸ் கொடுத்து வாங்கச் சொன்னவர்கள், வீடியோ பட்டனைத் தொட்டதும் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். (போனஸாக, இந்த கேமராவில் 4கே-வுக்குப் போனால் 'டூயல் பிக்ஸல்' ஃபோகஸும் கழன்றுகொள்ளும். அது தனிப் பஞ்சாயத்து.)

இதோடு முடிந்தால் பரவாயில்லை. கை நடுக்கம் என்று ஒன்று இருக்கிறதே! உங்கள் கை ஒரு டிகிரி ஆடினால் கேமராவும் ஒரு டிகிரி ஆடும். ஃபுல் ஹெச்.டி.யில் திரை முழுக்க 63 டிகிரி காட்சி இருக்கிறது, அதில் ஒரு டிகிரி பெரிசாகத் தெரியாது. 4கே-வில் மொத்தமே 43 டிகிரிதான். அதே நடுக்கம் திரையில் ஒன்றரை மடங்காகத் தெரியும். லென்ஸுக்குள் நடுக்கத்தைக் குறைக்கும் கண்ணாடி இருக்கிறது, வாஸ்தவம். ஆனால், அது நின்று எடுக்கும்போது கை கொடுக்கும். நடந்துகொண்டே எடுத்தால் திணறிவிடும்.

சரி, மெனுவில் Movie digital IS என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போடலாம் என்பீர்கள். அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? படத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஓரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கை ஆடுகிற திசைக்கு எதிர்த் திசையில் ஃப்ரேமை நகர்த்துகிறது. நகர்த்த இடம் வேண்டுமே, அதற்காக மறுபடி வெட்டு. இன்னும் பத்தில் ஒரு பங்கு போனால்கூட 45 என்பது 50 ஆகிவிடும். வெட்டியதால் நடுக்கம் பெரிதாகத் தெரிந்தது, நடுக்கத்தைக் குறைக்க மறுபடி வெட்டு. கந்துவட்டிக்காரரிடம் வாங்கி இன்னொரு கந்துவட்டிக்காரருக்குக் கட்டுகிற கதை. அதுவும், மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் விழுந்த இழுவையை இந்த வித்தை துடைக்காது. ஃப்ரேம் ஆடாமல் நிற்கும், ஆனால் முகம் ஈஷிக்கொண்டிருக்கும்.

இந்த வியாதி ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை. சோனியின் இசட்வி-இ10, 2021-ல் வந்தது. வீடியோ பேசுகிறவர்களுக்காகவே செய்தது என்று சொல்லி விற்றார்கள். அதற்குள் நடுக்கத்தைத் தாங்க சென்சார் நகராது. 'ஆக்டிவ்' நிலைப்படுத்தலைப் போட்டால் 1.44 மடங்கு வெட்டு. 24 மி.மீ. போலத் தெரிந்த 16 மி.மீ. லென்ஸ் 35 ஆகிவிடும். கையை நீட்டித் தன்னையே எடுத்துக்கொள்பவருக்கு முகம்தான் மிஞ்சும், பின்னால் இருக்கிற ஊர் போய்விடும்.

கம்பெனிகள் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அகலத்திரை வடிவத்தில் முழு அகலத்தையும் படித்தால் ஒரு ஃப்ரேமுக்கு 2 கோடிப் புள்ளிகளுக்கு மேல். நடுப்பகுதி மட்டும் என்றால் சுமார் 83 லட்சம். நொடிக்கு 25 முறை படிக்க வேண்டும். விலை குறைந்த கேமராவின் மூளைக்கு அது பாரம், சூடும் ஏறும். நடுவில் வெட்டி எடுப்பதால் படம் கூர்மையாகவும் இருக்கிறது. தூரத்துப் பறவையை எடுப்பவருக்கு இந்த வெட்டு லாபம்கூட.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இதே கேனான் இதே 2023-ல், மூன்று மாதம் முன்னால், ஆர்50 என்று ஒன்றை அறிவித்தது. அதிலும் ஏறக்குறைய அதே 24 மெகாபிக்ஸல். அது முழு அகலத்தையும் படித்து, சுருக்கி, வெட்டே இல்லாத 4கே கொடுக்கிறது. உள்ளே இருப்பது புது டிஜிக் எக்ஸ் சிப். கடைக்குட்டிக்குக் கொடுத்தது 2018 காலத்து டிஜிக் 8. ஆக, முடியாமல் வெட்டவில்லை. பெரியவனை விற்பதற்காகச் சின்னவனை நொண்டியாக்கியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அதுவும் வியாபாரம்தான், செய்யட்டும். விலை குறைத்துக் கொடுக்கிறார்களே. எதைக் குறைத்தோம் என்பதையும் அதே பெட்டியில், அதே சைஸ் எழுத்தில் போடு என்கிறேன்: '4கே-வில் இந்த 18 மி.மீ. லென்ஸ் 28 மி.மீ. போல் தெரியும்.' ஒரு வரி. மை செலவு எவ்வளவு ஆகிவிடும்?

அகலம் வேண்டும் என்று அடம்பிடித்தால் 10-18 மி.மீ. லென்ஸ் தனியாக வாங்கலாம். 4கே-வில் அது 25 மி.மீ. மாதிரி ஆகும், பழைய அகலம் திரும்பிவிடும். ஆனால், அந்த லென்ஸின் விலையையும் கூட்டிப் பாருங்கள். மலிவு கேமரா அப்புறம் மலிவாக இருக்காது.

போடுகிற வரைக்கும் கடையில் நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். கேமராவைக் கவுன்டர் மேல் அசையாமல் வைத்து, லென்ஸை ஆக அகலத்தில் திருப்பி, ஃபுல் ஹெச்.டி. வையுங்கள். திரையின் இரண்டு ஓரத்திலும் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் காலண்டர், ஒரு பக்கம் கதவு என்று வையுங்கள். 4கே-வுக்கு மாற்றுங்கள். ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம், 50 ஃப்ரேம் இரண்டு இருந்தால் இரண்டிலும் பாருங்கள். ஆர்10 மாதிரி சில கேமராக்கள் முதலாவதில் யோக்கியமாக இருந்துவிட்டு வேகத்தைக் கூட்டினால்தான் வெட்டும். அப்புறம் நடுக்கக் குறைப்பையும் போடுங்கள். காலண்டரும் கதவும் எந்தக் கட்டத்தில் காணாமல் போகின்றன என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது.