பேராசை என்னும் வசதியான சொல்

நிதி நிறுவனம் ஒன்று மூடப்படும்போதெல்லாம் ஒரே தீர்ப்பு உடனே வழங்கப்படுகிறது: மக்களுக்குப் பேராசை. பணத்தை இழந்தவரைக் குற்றவாளியாக்கும் இச்சொல், தடுக்கக் கடமைப்பட்டோரைக் கேள்வியின்றித் தப்பவிடுகிறது.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் தமிழ்நாட்டின் பொருளாதாரக் குற்றப்பிரிவு அங்கே சோதனையிட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் கணக்கு. வாக்களிக்கப்பட்ட வட்டி 25 முதல் 30 விழுக்காடு, ஆண்டுக்கன்று, மாதத்துக்கு.

இதன் கணக்கு எளிது. தலைக்கு ஒரு லட்சம் வீதம் நூறு பேர் பணம் போடுகின்றனர் எனக் கொள்வோம். முதல் மாத வட்டி 30 லட்சம். தொழிலில் வருவாய் இல்லையெனில், அதைக் கொடுக்க முப்பது புதியவர் வேண்டும். மறுமாதம் 130 பேருக்கு வட்டி; அதற்கு 39 புதியவர். இவ்வாறு பெருகினால் இருபதாம் மாத முடிவில் 19,000 பேர் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் சேர்ந்தவரோ நான்காம் மாதத்திலேயே போட்டதற்கு மேல் பெற்றுவிடுகிறார். அவர் உறவினரிடம் சொல்வது பொய்யன்று. தம் கண்ணால் கண்டது. அதை நம்பியவரைப் பேராசைக்காரர் என்பது எவ்வகை நியாயம்?

உண்மையான சூழ்ச்சி 'பதிவு' என்ற சொல்லில் இருக்கிறது. நிறுவனப் பதிவாளரிடம் பெற்ற சான்றிதழும் ஜிஎஸ்டி எண்ணும் சட்டமிடப்பட்டு வரவேற்பறையில் தொங்கும். 'அரசு பதிவு பெற்றது' என்று முகவர் சொல்வதும் சொல்லளவில் மெய்யே. ஆயினும் அவை தொழில் நடத்துவதற்கான பதிவுகள். பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறும் உரிமை ஆகா. வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கு அவ்வுரிமையை வழங்குவது ரிசர்வ் வங்கி. அதைப் பெற்ற நிறுவனமும் ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக் கூடாது. ஆகவே அதற்கு மேல் வட்டி தருவதாகக் கூறும் நிதி நிறுவனத்தின் விளம்பரமே மீறலுக்குச் சான்று.

2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை முற்றாகத் தடைசெய்கிறது. பணத்தைத் திருப்பித் தராதது மட்டுமன்று, அத்தகைய திட்டத்துக்கு ஆள் அழைப்பதே குற்றம். எனவே எவரும் ஏமாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆயினும் நடைமுறையில் புகார் வந்த பின்னரே அதிகாரம் விழிக்கிறது. புகார் வருவதோ வட்டி நின்ற பின்னர். வட்டி நிற்பதோ பணம் தீர்ந்த பின்னர்.

எல்லையூர்களில் இத்தாமதம் இன்னும் கொடியது. அலுவலகம் தமிழ்நாட்டில், பணம் போட்டவர் ஆந்திரத்தில் என்றால், இழந்தவர் புகார் கொடுக்கவே மாநிலம் கடந்து அலைய நேர்கிறது. துண்டறிக்கைக்கு எல்லையில்லை, விசாரணைக்கு மட்டும் ஏன் எல்லை?

விளம்பரப் பலகை தெருவில் நின்றபோது அதைப் படித்தும் கடந்துபோன அதிகாரியை நோக்கி முதற்கேள்வி எழட்டும். பேராசையைப் பற்றி அதன் பின்னர்ப் பேசலாம்.