வாங்காதவர் போட்ட பொய் விமர்சனம்: நீக்கச் சொல்வது எப்படி?

கேள்வி: பேராவூரணி பக்கம் தென்னை நாற்றங்கால் வைத்திருக்கிறேன். கூகுள் மேப்பில் என் கடைப் பக்கத்தில் யாரோ ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'போன ஞாயிறு 40 திசு வாழைக் கன்று வாங்கினேன், பாதி பட்டுப்போச்சு, பில்லும் தரவில்லை' என்று எழுதியிருக்கிறார். நான் வாழைக்கன்றே விற்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் கன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதை நீக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. அதற்கு முன், அவர் உண்மையிலேயே உங்களிடம் வாங்காதவர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கு மகன் பெயரில் இருக்கலாம், வாங்கியவர் அப்பாவாக இருக்கலாம். அதனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பில் புத்தகம், இருப்புப் பதிவேடு, போனில் வந்த பண வரவு மூன்றையும் அந்த வாரத்துக்குப் புரட்டுங்கள். கடையில் நிற்கும் ஆளையும் கேளுங்கள். வாங்கியவர் கோபத்தில் எழுதியது என்று தெரிந்தால் நீக்கச் சொல்லாதீர்கள், அவரிடம் பேசித் தீருங்கள். வியாபாரிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே எது உண்மை என்ற வழக்கில் கூகுள் தலையிடாது.

உங்கள் விஷயத்தில் சான்று பலமாக இருக்கிறது. விதை உரிமத்திலும் இருப்புப் பதிவேட்டிலும் தென்னை மட்டும்தான் இருக்கும். அந்த வாரப் பில்கள் எல்லாம் தென்னங்கன்றுக்குத்தான் இருக்கும். ஞாயிறு கடை விடுமுறை என்றால், மேப்பில் நேரம் அப்படிக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஆனால் விடுமுறை என்பது துணைச் சான்றுதான், விற்காத பொருள் என்பதே முதல் சான்று.

முதல் வேலையாக, விமர்சனத்தையும் எழுதியவரின் பக்கத்தையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எழுதியவர் அதைப் பிறகு திருத்தலாம். அவர் பக்கத்தில் வேறு எந்தெந்த ஊர்க் கடைகளுக்கு எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள்.

அடுத்து புகார். கடைக் கணக்கில் நுழைந்து, விமர்சனத்தின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் 'Report review' என்று வரும். அங்கே காரணம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், விளக்கம் எழுத முடியாது. அதனால் காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கடைக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு என்பதால் 'Off topic' பொருந்தும். போட்டி நாற்றங்கால்காரர் எழுதியது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் 'Conflict of interest' போடுங்கள். சந்தேகத்தை வைத்துப் போடாதீர்கள். சொந்தக்காரர், நண்பர் எல்லாரையும் புகார் செய்யச் சொல்வதால் பயன் இல்லை. ஒரு சரியான புகார் போதும்.

முடிவு வர சில நாள் ஆகும். 'Reviews Management Tool' என்ற பக்கத்தில் நிலையைப் பார்க்கலாம். விதிமீறல் இல்லை என்று வந்துவிட்டால் மனம் தளர வேண்டாம், மேல்முறையீடு ஒன்று உண்டு. ஆனால் அது ஒரே ஒரு முறைதான். ஆகவே கோபத்தைக் கொட்டாமல், இப்படிச் சான்றை மட்டும் எழுதுங்கள்:

'இந்த விமர்சனம் எங்கள் கடையில் நடந்த அனுபவத்தைச் சொல்லவில்லை. அவர் சொல்லும் திசு வாழைக் கன்றை நாங்கள் விற்பதில்லை. எங்கள் உரிமமும் இருப்புப் பதிவேடும் தென்னங்கன்றுக்கு மட்டுமே. அந்த வாரத்தின் எல்லாப் பில்லும் தென்னங்கன்றுக்கு உரியவை. அவர் சொல்லும் ஞாயிறு எங்களுக்கு விடுமுறை, மேப்பிலும் அப்படியே உள்ளது. பில், பதிவேட்டு நகல்களைக் கேட்டால் தருகிறோம்.'

'என் தொழில் நாசமாகிறது' என்று எழுதினால் அது சான்று ஆகாது. 'பொய்' என்று பத்து முறை எழுதினாலும் ஆகாது.

நீக்கும் வரை விமர்சனத்தின் கீழே பதில் ஒன்று போட்டு வையுங்கள். அடுத்து வருபவர் அதைத்தான் படிப்பார். 'ஐயா, நாங்கள் தென்னங்கன்று மட்டுமே விற்கிறோம். வேறு கடையை நினைத்து எழுதியிருக்கலாம். எங்களிடம் வாங்கியிருந்தால் பில் எண்ணைச் சொல்லுங்கள், சரிசெய்து தருகிறோம்' என்றால் போதும். அவர் போன் எண்ணையோ ஊரையோ அங்கே போட்டுவிடாதீர்கள்.

ஈடுகட்ட உறவினர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். வாங்காதவர் எழுதும் பாராட்டும் அதே விதியைத்தான் மீறுகிறது, நீக்கப்படலாம். கன்று பிடித்து வந்து நிற்கும் உண்மையான வாடிக்கையாளர்களை எழுதச் சொல்லுங்கள். மேல்முறையீடும் தோற்றால் உங்கள் பதிலும் அவர்கள் எழுதுவதும்தான் துணை.

இனி ஒவ்வொரு கன்றுக்கும் பில் போடுங்கள். சின்ன வாங்கல்தானே என்று விட்டால், நாளைக்கு அந்தப் புத்தகம் உங்களுக்காகச் சாட்சி சொல்லாது.