நிஃப்டி ஏறியும் ஆப்ஷனில் நஷ்டமா? டெல்டாவும் தீட்டாவும் செய்யும் வேலை!

"நிஃப்டி ஏறிடுச்சு, ஆனா என் கால் ஆப்ஷன் மட்டும் ஏன் இறங்குது?" புதிதாக ஆப்ஷன் வாங்கும் பலரின் குழப்பம் இது.

ஓர் உதாரணம் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை நிஃப்டி 25,000 புள்ளிகளில் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை காலாவதியாகும் 25,000 கால் ஆப்ஷனை ஒருவர் 125 ரூபாய் பிரீமியத்துக்கு வாங்குகிறார். அதன் டெல்டா சுமார் 0.50. அதாவது, நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் பிரீமியம் சுமார் 50 காசு ஏறும். இறங்கினால் அதே அளவு இறங்கும்.

தீட்டா மைனஸ் 16. நிஃப்டி அசையாமல் நின்றாலும் ஒரு நாளைக்கு சுமார் 16 ரூபாய் கரையும். சனி, ஞாயிறு லீவு சந்தைக்குத்தான், தீட்டாவுக்கு இல்லை.

திங்கள் மாலை நிஃப்டி 25,050. ஏற ஏற டெல்டாவும் கொஞ்சம் கூடுவதால், இந்த 50 புள்ளிக்கு சுமார் 28 ரூபாய் லாபம். ஆனால் மூன்று நாளில் கரைந்தது 62 ரூபாய். '16 பெருக்கல் 3, 48 தானே?' என்று தோன்றலாம். காலாவதி நெருங்க நெருங்க கரையும் வேகமும் கூடும் என்பதைத்தான் பலர் மறந்துடறாங்க. மிஞ்சுவது 91 ரூபாய், நஷ்டம் 34.

செவ்வாயும் நிஃப்டி 25,050-லேயே முடிந்தால் கிடைப்பது வெறும் 50 ரூபாய். போட்ட பணம் திரும்பவே 25,125 வரை ஏறணும்.

இந்தக் கணக்கு, சந்தையின் ஏற்ற இறக்க வேகம் மாறாமல் இருந்தால் மட்டுமே. நடுவில் பெரிய செய்தி ஏதாவது வந்தால் பிரீமியம் வேறு மாதிரி ஆடும்.