பதவிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள்

வேலை வேண்டும் என்பவர் விளம்பரத்தைப் பார்த்துத் தானே விண்ணப்பித்துவிடுவார். இருக்கும் வேலையில் நிம்மதியாக இருப்பவரை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு பி.எல்.டி.சி. மோட்டார் வடிவமைக்கும் இன்ஜினியர் தேவை என்று வைத்துக்கொள்வோம். லிங்க்ட்இன்னில் ‘மோட்டார் டிசைன் இன்ஜினியர்’ என்று தேடினால் பாதிப் பேர் சிக்கமாட்டார்கள். அந்த வேலையைச் செய்பவரின் பதவி ஓரிடத்தில் ‘ஆர் அண்ட் டி இன்ஜினியர்’, இன்னோரிடத்தில் ‘அசிஸ்டன்ட் மேனேஜர்’. பதவிப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தினமும் திறந்து வேலை பார்க்கிற மென்பொருள் அப்படி மாறுவதில்லை. அதை வைத்துத் தேடுங்கள்:

```
(BLDC OR PMSM) AND ("Ansys Maxwell" OR "Motor-CAD" OR JMAG)
```

AND, OR இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மேற்கோள் குறி இட்டால் சொற்கள் சேர்ந்தே தேடப்படும். வெறும் Maxwell என்று அடித்தால் மேக்ஸ்வெல் என்ற பெயருள்ளவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். விற்பனை ஆட்களை விலக்க NOT sales சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள். ‘விற்பனைப் பிரிவுக்குத் தொழில்நுட்ப உதவி செய்தேன்’ என்று ஒரு வரி எழுதிய நல்ல இன்ஜினியரும் அதோடு போய்விடுவார். ஆட்கள் குறைவாக வந்தால் மென்பொருள் அடைப்பை எடுத்துவிட்டு "motor design" என்று போட்டுப் பாருங்கள். அதிகமாக வந்தால் ஊரை வைத்து வடிகட்டுங்கள்.

ஆள் கிடைத்தபின்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘உங்கள் புரொஃபைல் எங்களைக் கவர்ந்தது, அருமையான வாய்ப்பு, ரெஸ்யூமே அனுப்புங்கள்’ என்ற செய்தியை நூறு பேருக்கு அனுப்பலாம் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். வேலை தேடாத மனிதரிடம் தயாரான ரெஸ்யூமே ஏது? இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம். சீலிங் ஃபேன் மோட்டாரில் காகிங் டார்க்கைக் குறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி சோலார் பம்புக்கு பி.எல்.டி.சி. மோட்டாரை முதலிலிருந்து வடிவமைக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் தேவை. சம்பளம் ஆண்டுக்கு 14 முதல் 18 லட்சம். இந்த வாரம் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு மேல் பத்து நிமிடம் பேசலாமா? இப்போது மாறும் எண்ணம் இல்லையென்றால் அதைச் சொன்னாலும் போதும்.”

அவருடைய வேலையில் ஒன்றைக் குறிப்பிட்டதால், படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறோம் என்பது அவருக்குப் புரியும். மாலை நேரம் கேட்டதும் காரணத்தோடுதான்: பகலில் பக்கத்து மேஜையில் சக ஊழியர் இருப்பார். அதே காரணத்தால் ஆபீஸ் மெயிலுக்கு எழுதவே கூடாது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்குமேல் தொல்லை.

சம்பளத்தை முதல் செய்தியிலேயே சொல்லக் கம்பெனிகள் தயங்குகின்றன. தயவுசெய்து அனுமதி வாங்கிச் சொல்லிவிடுங்கள். இப்போது 20 லட்சம் வாங்குகிறவரை மூன்று ரவுண்டு பேசவைத்துக் கடைசியில் 18 என்று சொல்வது அவருடைய நேரத்துக்குச் செய்கிற அநியாயம். அடுத்த முறை நீங்கள் எழுதினால் அவர் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.