கிளாஸ் 6.30 மணிக்கு... ஆனால் எந்த ஊர் 6.30? ஆப்கள் சொதப்பும் இடம் இதுதான்!

சென்னையில் இருக்கும் பாட்டு டீச்சர் ஒருவர் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஒரு மாணவி, கனடாவின் டொரண்டோவில் இன்னொரு மாணவி. ஜனவரி 18, 2025 சனிக்கிழமை மாலை 6.30-க்கு வகுப்பு என்று டீச்சர் ஆப்பில் பதிவு செய்கிறார். டேட்டாபேஸில் அது இப்படிப் போய் உட்காருகிறது:

```
2025-01-18 18:30:00
```

பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால், இது எந்த ஊர் 6.30 என்று அந்த வரியில் எங்குமே இல்லை.

மூன்று பேர் போனிலும் ஒரே மாதிரி 'மாலை 6.30' என்றே காட்டுகிறது. சிங்கப்பூர் மாணவி அவர் ஊர் 6.30-க்கு லாகின் செய்கிறார். அப்போது சென்னையில் மாலை 4 மணிதான், யாரும் இல்லை. அவருக்கு வகுப்பு உண்மையில் இரவு 9 மணிக்கு. டொரண்டோ மாணவியின் நிலைமை இன்னும் மோசம். அவருக்கு வகுப்பு அன்று காலை 8 மணிக்கு. மாலை 6.30-க்கு அவர் வந்து உட்காரும்போது சென்னையில் ஞாயிறு அதிகாலை 5 மணி. வகுப்பு ஆரம்பித்தே பத்தரை மணி நேரம் ஆகியிருக்கும்.

புகார் போனால் வழக்கமாக வரும் பதில், "உங்க போன்ல டைம் செட்டிங்கை செக் பண்ணுங்க." இது நியாயமே இல்லாத பதில். போன் சரியாகத்தான் இருக்கிறது. சேமிக்கும்போதே பாதித் தகவலைத் தொலைத்தது ஆப்தான்.

இந்தப் பிழை இந்தியாவில் உருவாகும் ஆப்களில் நுழைவது ரொம்ப சுலபம். நாடு முழுக்க ஒரே நேரம், கோடைக்கு ஒருமுறை கடிகாரத்தை மாற்றும் வேலையும் கிடையாது. எழுதுபவர், சோதிப்பவர், பயன்படுத்துபவர் எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்கும்வரை பிழை வெளியே தெரியாது. வெளிநாட்டிலிருந்து முதல் யூசர் வரும்போதுதான் குட்டு உடையும்.

அப்போது அவசரமாக ஒரு ஒட்டுவேலை நடக்கும். சேமித்ததெல்லாம் உலகப் பொது நேரம், அதாவது UTC என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு போனும் அதைத் தன் ஊர் நேரத்துக்கு மாற்றும்படி செய்துவிடுவார்கள். இப்போது சென்னை டீச்சருக்கே வகுப்பு நள்ளிரவு 12 மணி என்று காட்டும்! நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னேயோ பின்னேயோ நிற்கிறதா? UTC-யும் இந்திய நேரமும் எங்கோ ஒன்றுக்கொன்று குழம்பியிருக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

ஒருமுறை மட்டும் நடக்கும் வகுப்புக்குத் தீர்வு எளிது. UTC-க்கும் அந்த ஊர் நேரத்துக்குமான வித்தியாசத்தைச் சேர்த்தே சேமிக்க வேண்டும்:

```
2025-01-18T18:30:00+05:30
```

இதைப் படிக்கும் எந்த போனும் தன் ஊர் நேரத்துக்குச் சரியாக மாற்றிக்கொள்ளும்.

வாராவாரம் நடக்கும் வகுப்பு என்றால் கதை வேறு. மார்ச் 8 சனிக்கிழமை வரை டொரண்டோவில் காலை 8 மணிக்கு நடந்த வகுப்பு, மார்ச் 15 முதல் 9 மணிக்கு மாறிவிடும். இடையில், மார்ச் 9 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். ஜனவரியில் கணக்குப் போட்டு 'டொரண்டோவுக்கு 8 மணி' என்று எழுதி வைத்தால் மார்ச்சில் மறுபடியும் கதை கந்தல்தான். அதனால் 'சனிக்கிழமை 18:30' என்பதோடு `Asia/Kolkata` என்ற மண்டலப் பெயரையும் சேமித்து, டொரண்டோ நேரத்தை ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கணக்கிட வேண்டும். சுருக்கமாக IST என்று போட்டால் போதாதா? போதாது. இஸ்ரேல் நேரத்துக்கும் அயர்லாந்து நேரத்துக்கும்கூட அதே மூன்று எழுத்துகள்தான்.

பழைய பதிவுகளை என்ன செய்வது? எல்லாமே சென்னையில் பதிவானவை என்று உறுதியாகத் தெரிந்தால் +05:30 சேர்த்துவிடலாம். சில நேரங்கள் சர்வரிலிருந்தும் சில நேரங்கள் பல நாட்டு போன்களிலிருந்தும் ஒரே பட்டியலில் விழுந்திருந்தால், எது எந்த ஊர் நேரம் என்பதை அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. யார், எங்கிருந்து பதிவு செய்தார் என்ற வேறு தகவல் இருந்தால்தான் உண்டு.

இதையெல்லாம் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம், அது புரிகிறது. ஆனால், திரையில் '6.30' என்பதற்குப் பக்கத்தில் 'இந்திய நேரம்' என்று இரண்டு வார்த்தை போடுவதற்கு ஒரு நாள்கூட ஆகாது. அதையாவது இன்றே செய்தால், டொரண்டோ மாணவி அடுத்த சனிக்கிழமை அலாரத்தைக் காலை 7.45-க்கு வைத்துக்கொள்வார்.