ஒரு 'ங்க' விழும் சத்தம்

சின்ன ஊரை வைத்து நாவல் எழுதும் நண்பர்கள் கூடினால் ஒரு பஞ்சாயத்து தவறாமல் நடக்கும். உரையாடலைப் பேச்சுத்தமிழில் எழுதுவதா, எழுத்துத்தமிழில் எழுதுவதா? ஒருவர் 'வட்டார மணம்' என்பார். இன்னொருவர் 'மற்ற மாவட்டத்துக்காரனுக்குப் புரிய வேண்டாமா' என்பார். டீ ஆறிப்போகும். யாருடைய வாயில் எந்தத் தமிழை வைக்கிறீர்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். பல நாவல்களைப் பிரித்துப் பாருங்கள். தலைமையாசிரியர் பேசினால் 'உடம்பு', 'இலை', 'உலகம்'. சேரிக்காரர் பேசினால் 'ஒடம்பு', 'எலை', 'ஒலகம்'. ஐயா, தலைமையாசிரியர் வீட்டில் என்ன பேசுகிறார்? அவரும் 'ஒடம்பு'தான். பந்தியில் அவர் கேட்பதும் 'எலை'தான். 'இலை' 'எலை' ஆவதும், 'உடம்பு' 'ஒடம்பு' ஆவதும் எந்தச் சாதிக்கும் சொந்தமில்லை. பேசுகிற தமிழின் பொதுக்குணம் அது. 'வந்தான்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி 'ன்' மூக்கில் போய் மறைகிறது. குடித்தெரு, அக்ரகாரம், காலனி எங்கேயும் அப்படித்தான். எல்லார் வாயிலும் இருக்கும் ஒலியை ஒருத்தன் வாயில் மட்டும் எழுத்துக்கூட்டி எழுதினால் அதற்குப் பேர் யதார்த்தமா? அவன் 'தப்பாப் பேசுறான்' என்று வாசகன் காதில் ஓதுவதுதான் அது. அங்கே பேசுவது பாத்திரமல்ல, எழுத்தாளனின் சாதி.

'அப்ப எல்லாருக்கும் எழுத்துத்தமிழே வச்சிடலாமே, சமத்துவமாப் போயிடும்' என்று ஒரு கட்சி கிளம்பும். அதுவும் ஆகாது. ஏன் என்று ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். எனக்குத் தெரிந்த இடம் வங்கிக் கவுண்டர், அதையே எடுத்துக்கொள்கிறேன். விருத்தாசலம் பக்கம் ஒரு சின்ன ஊர். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் அடகு நகையைத் திருப்ப வருகிறார். கவுண்டரில் இருப்பவருக்கு அவரை முன்பின் தெரியாது. எழுத்துத்தமிழில் இப்படி வரும்:

"நீங்கள் எந்த ஊர்?"
"பக்கத்து ஊர்தான் ஐயா."
"ஊரில் எங்கே?"
"காலனி."
"பாஸ்புக் எங்கே?"

என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு பேர் தகவல் பரிமாறிக்கொண்டார்கள். இப்போது நம்மவர்கள் எழுதும் 'மண்மணம்' வழியில் பாருங்கள்:

"எந்த ஊர்?"
"பக்கத்தூரு தாஞ் சாரு."
"ஊரில் எங்கே?"
"காலினிங்கோ."
"பாஸ்புக் எங்கே?"

கவுண்டர்க்காரர் மனுசன். பெரியவர் காட்சிப்பொருள். இனி அவர்கள் நிஜமாகப் பேசுவது:

"எந்த ஊருங்க?"
"பக்கத்து ஊர்தான் சார்."
"ஊர்ல எங்கங்க?"
"காலனி."
"பாஸ்புக் எங்க?"

கடைசி வரியில் ஒரு 'ங்க' காணாமல் போயிருக்கிறது. அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை, 'டா' போடவில்லை. கோர்ட்டுக்குப் போனாலும் நிற்காது. ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற பெரியவருக்கு அந்த 'ங்க' விழுந்த சத்தம் கேட்டிருக்கும்.

கிராமத்தில் யார் யார் என்று முன்னமே தெரியும். வாய் திறக்குமுன் மரியாதை முடிவாகிவிடும். சின்ன டவுனில் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, ஆபீஸ் என்று தெரியாத முகங்கள் எதிர்ப்படுகின்றன. ஆளைத் தெரிந்துகொள்ளும்வரை 'ங்க' கடனாகக் கொடுக்கப்படுகிறது. 'ஊர்ல எங்க' என்ற கேள்விக்குப் பதில் வந்ததும் திரும்பப் பிடுங்கப்படுகிறது. சின்ன ஊரின் சாதி இந்த இடத்தில்தான் மூச்சு விடுகிறது. எழுத்துத்தமிழிலும் 'நீ'யும் 'நீங்க'ளும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் வினையே இல்லாத ஒரு கேள்வியின் வாலில் மரியாதையை ஒட்டவும் உரிக்கவும் அதில் வழி இல்லை.

பேச்சுத்தமிழில் நழுவும் வழியும் உண்டு. 'சாப்டியா' என்றால் தாழ்த்தியதாகும், 'சாப்டீங்களா' என்றால் உயர்த்தியதாகும். இரண்டுக்கும் மனசு ஒப்பாதவன் 'சாப்டாச்சா?' என்பான். யார் சாப்பிட்டது என்பதே வாக்கியத்தில் இல்லை! படித்து வேலைக்கு வந்த காலனிப் பையனிடம் ஊர்த்தெருப் பெரிய மனுசன் 'ஆபீஸ் முடிஞ்சாச்சா', 'எங்க, ஊருக்கா' என்று வருசக்கணக்கில் இப்படியே பேசிக் காலம் தள்ளுவதைக் கேட்டிருக்கிறேன். 'சாப்பிட்டீர்களா' என்று அதைத் திருத்தி எழுதுகிற நாவலாசிரியன், அந்த ஆள் கொடுக்காத மரியாதையை அவன் சார்பில் கொடுத்துவிடுகிறான். ரொம்பத் தாராளம்தான்!

சரி, எப்படித்தான் எழுதச் சொல்றீங்க? என் கணக்கு இது. வெறும் உச்சரிப்பை எல்லாருக்கும் ஒரே மாதிரி விட்டுவிடுங்கள்: 'உடம்பு', 'இலை', 'வந்தான்'. சொல்லும் இலக்கணமும் எங்கே மாறுகிறதோ அதை அப்படியே எழுதுங்கள்: 'போவுது', 'வந்துச்சு', 'உக்காருங்க', 'எங்கங்க'. தலைமையாசிரியருக்கும் அதே அளவுகோல். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒலியை அப்படியே எழுதுகிறேன் என்று 'வந்தா' என்று போட்டால் அது வந்தானா, வந்தாளா, வந்தாலா? வாசகன் வாக்கியத்துக்கு வாக்கியம் நிற்பான். 'ன்', 'ள்' இரண்டையும் வைத்துக்கொண்டு, 'வந்தால்' என்பதற்கு மட்டும் 'வந்தா' என்று எழுதினால் குழப்பம் தீர்ந்தது.

எழுத்துத்தமிழைத் தூக்கிக் கடாசச் சொல்லவில்லை. பாத்திரமே அதைக் கையில் எடுக்கும் இடம் உண்டு. அந்தப் பெரியவரின் மகள், பி.ஏ. படித்தவள், மறுநாள் கவுண்டருக்கு வருகிறாள். "எங்கப்பாகிட்ட ஏன் அப்பிடிக் கேட்டீங்க?" என்கிறாள். "எப்பிடிக் கேட்டாங்க?" என்று பதில் வருகிறது. இப்போது அவள் மொழி மாறுகிறது: "இதை எழுத்து மூலமாகக் கொடுக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுங்கள்." மனுத்தமிழ், மேடைத்தமிழ், பிரசங்கத்தமிழ் எல்லாம் நம் மக்கள் கையில் ஆயுதமாக இருந்தவை. நாவல் முழுக்க எழுத்துத்தமிழ் பேசிக்கொண்டிருந்தால் இந்த ஆயுதம் உறையிலிருந்து வெளியே வந்ததே தெரியாது.

'புரியாது' என்ற பூச்சாண்டியைக் கட்டிவையுங்கள். 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது உரையாடல் மட்டுமல்ல, கதை சொல்லும் குரலே பேச்சுமொழியாக இருந்தது. 1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. எல்லா மாவட்டத்துக்காரனும் படித்தான்.

உங்கள் கையெழுத்துப்பிரதியில் ஒரு பக்கத்தை எடுங்கள். பேசுகிறவர் பெயரையெல்லாம் விரலால் மறையுங்கள். யார் சேரி, யார் ஊர் என்று எதை வைத்துத் தெரிகிறது? யார் யாருக்கு 'ங்க' கொடுக்கிறான், யார் பிடுங்குகிறான் என்பதை வைத்துத் தெரிந்தால், நீங்கள் அந்த ஊரை எழுதியிருக்கிறீர்கள். எழுத்துப்பிழையை வைத்துத் தெரிந்தால், பிழை சேரிக்காரன் வாயில் இல்லை. உங்கள் பேனாவில் இருக்கிறது.